65 வாட்டுக்கு எத்தனை ஊசி? எல்லக் காற்றில் ஒரு கணக்கு

ஒரே வெப்பநிலையில் நிறுத்துப் பார்த்தால், எல்லயில் ஒரு லீற்றர் காற்று கொழும்பின் ஒரு லீற்றர் காற்றை விட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இலேசானது. எல்ல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,040 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் அழுத்தம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறைகிறது. ஹப்புத்தளைக்கு ஏறினால் இன்னும் குறையும், பதுளைக்கு இறங்கினால் சற்று கூடும். மூச்சு விடுகிற நமக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. காற்றை ஊதிக் குளிரூட்டப்படும் ஒரு கணினிச் சிப்புக்குத் தெரியும்.

ஊவாவின் தேயிலை ஸ்டோர்களில் இன்று அத்தகைய சிப்புகளுக்குப் பல வேலைகள் உண்டு. தூளிலிருந்து தண்டையும் நாரையும் கேமரா வைத்துப் பிரிக்கும் நிறப்பிரிப்பு இயந்திரத்துக்குள் ஒரு கணினி இருக்கிறது. கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் ஓடும் விசிறிகளின் வேகத்தை மாற்றும் பெட்டிகளுக்குள் மின்னாற்றல் குறைகடத்திகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றின் முதுகிலும் ஓர் அலுமினிய ஹீட் சிங்க் ஒட்டியிருக்கும். அதில் ஒரு வகை தட்டையான தகடுகளால் ஆனது. மற்றொரு வகை, தட்டையான அடித்தளத்தில் வரிசை வரிசையாக நட்ட உருளை ஊசிகளால் ஆனது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஊசிகளுக்கு ஒன்றுதான். அதனால் விசிறியை எங்கே பொருத்துவது என்று நிச்சயமாகத் தெரியாத இடங்களில் ஊசி வகையே நல்லது.

கேள்வி எளிமையாக ஒலிக்கிறது: சிப் இத்தனை வாட் வெப்பம் தருகிறது, அதற்கு எத்தனை ஊசி வேண்டும்? விடையை நேரடியாகத் தரும் சூத்திரம் கிடையாது. ஊசிகளின் எண்ணிக்கை அவற்றின் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. இடைவெளி காற்றின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு ஊசியும் எவ்வளவு வெப்பத்தைக் கழிக்கும் என்பதைக் காற்றின் வேகம் தீர்மானிக்கிறது. அந்த அளவுதான் மறுபடி எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு வடிவத்தை முதலில் ஊகித்து, அது போதுமா என்று சரிபார்த்து, போதாவிட்டால் திருத்தி, மறுபடி கணக்குப் போட வேண்டும். நிறப்பிரிப்பு இயந்திரத்தின் கணினிக்குள் 65 வாட் சிப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை முழுவதும் செய்து பார்ப்போம்.

முதல் வேலை ஊசிகளைப் பற்றியதே அல்ல. நம் கையில் எத்தனை பாகை இருக்கிறது, அதை எங்கெங்கே செலவழிக்கப் போகிறோம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மாதச் சம்பளத்தைக் கடன், வாடகை, அரிசி என்று பிரித்துவிட்டு மிச்சத்தை எண்ணுவது போன்றது இது. சிப்பின் மேல்மூடி 70 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது என்று வைப்போம். பெட்டிக்குள் நுழையும் காற்று 35 பாகை. ஆக மொத்த வரவு 35 பாகை. சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் பூசும் வெப்பப் பசையும், சிறிய சிப்பிலிருந்து அகலமான அடித்தளத்துக்கு வெப்பம் பரவும் வழியும் சேர்ந்து ஒரு வாட்டுக்கு 0.15 பாகை கேட்கும் என்று எடுத்துக்கொண்டால், 65 வாட்டுக்கு ஏறக்குறைய 10 பாகை அங்கேயே போய்விடுகிறது. ஊசிகள் நிற்கும் அடித்தளம் 60 பாகையில் இருக்கலாம். நுழையும் காற்றுக்கும் அதற்கும் இடையே 25 பாகை மிஞ்சுகிறது.

இந்த 25ம் முழுதாக ஊசிகளுக்குக் கிடைக்காது. காற்று ஊசிகளுக்கு இடையே போகப் போகத் தானும் சூடாகிறது. முதல் வரிசை ஊசிகள் 35 பாகைக் காற்றைப் பார்க்கின்றன. கடைசி வரிசை அதை விடச் சூடான காற்றையே பார்க்கிறது. எவ்வளவு சூடு என்பதை அறிய நாம் ஒரு வடிவத்தை ஊகித்தாக வேண்டும். 80 மில்லிமீட்டர் சதுர அடித்தளம், அதன் மேல் 3 மில்லிமீட்டர் விட்டமும் 40 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஊசிகள். ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 8 மில்லிமீட்டர். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேர் பின்னால் அடுத்த வரிசையின் ஊசி நிற்கும்படி மாற்றி மாற்றி நடுகிறோம். விசிறி ஒரு பக்கத்திலிருந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஊதுகிறது. 80க்கு 40 மில்லிமீட்டர் வாயிலில் அந்த வேகம் என்றால் வினாடிக்கு 6.4 லீற்றர் காற்று.

எல்லயின் அழுத்தத்தில், 35 பாகையில், அந்த 6.4 லீற்றர் காற்றின் எடை ஏறக்குறைய 6.5 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு பாகை சூடாக்க ஒரு ஜூல் போதும். வினாடிக்கு 65 ஜூல் வெப்பம் 6.5 கிராம் காற்றில் ஏறினால் காற்று 10 பாகை சூடாகி 45இல் வெளியேறும். சராசரியாக ஊசிகளைச் சுற்றியுள்ள காற்று 40 பாகை. இப்போது ஊசியின் அடிக்கும் காற்றுக்கும் இடையே உண்மையாக மிஞ்சுவது 20 பாகை. ஊசிகள் இந்த 20ஐ வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

அடுத்தது, ஒரே ஓர் ஊசி எவ்வளவு வெப்பத்தைக் கழிக்கும் என்பது. ஊசிகளுக்கு இடையே வழி குறுகுவதால் அங்கே காற்று வேகம் எடுக்கிறது. 8 மில்லிமீட்டரில் 3ஐ ஊசி அடைத்துக்கொள்ள, மிச்சம் 5. ஆகவே 2 மீட்டர் வேகம் அங்கே 3.2 மீட்டராகிறது. இந்த வேகத்தையும் ஊசியின் விட்டத்தையும் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். எல்லக் காற்றில் அது 475 அளவு. குழாய்க் கூட்டங்களின் குறுக்கே ஓடும் காற்றையும் நீரையும் பல்லாண்டுகள் அளந்தவர் லித்துவேனிய விஞ்ஞானி அல்கிர்தாஸ் ஜுகவுஸ்காஸ். மாற்றி நட்ட உருளைகளுக்கு, இந்த அளவு ரெனால்ட்ஸ் எண்ணில், அவர் வழியில் கிடைக்கும் உறவு இது:

```
Nu = 0.71 × Re^0.5 × Pr^0.36
h  = Nu × k / D
```

இதில் Pr என்பது காற்றின் பிராண்டில் எண், சுமார் 0.71. k என்பது காற்றின் வெப்பக் கடத்துதிறன், D ஊசியின் விட்டம். எண்களைப் போட்டால் Nu 13.7 என்றும், h ஏறக்குறைய 127 என்றும் வருகிறது. அதாவது ஊசியின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டர், காற்றை விட ஒரு பாகை சூடாக இருந்தால், 127 வாட்டைக் காற்றுக்குத் தரும். ஓர் ஊசியின் மேற்பரப்பு, நுனியையும் சேர்த்து, சுமார் 3.8 சதுர சென்ரிமீட்டர்தான்.

இவற்றைப் பெருக்கி 20 பாகையாலும் பெருக்கினால் ஊசிக்கு 0.97 வாட் வரும். 67 ஊசி போதும் என்று முடிவு கட்டத் தோன்றும். பலர் தவறுவது இங்கேதான். ஊசி முழுவதும் 60 பாகையில் இருப்பதில்லை. வெப்பம் அடியிலிருந்து நுனி நோக்கி ஏறும்போதே வழியில் காற்றுக்குப் போய்விடுவதால், நுனி அடியை விடக் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த நுனியால் அதிகம் தர முடியாது. இந்த இழப்பைச் செயல்திறன் என்ற ஒரு பின்னத்தால் கணக்கில் சேர்ப்பார்கள்:

```
m = sqrt(4h / (k_Al × D))
η = tanh(mL) / (mL)
```

k_Al என்பது அலுமினியத்தின் கடத்துதிறன். அச்சின் வழியே தள்ளி எடுக்கும் சாதாரண அலுமினியக் கலவைக்கு 200 என்று வைக்கலாம். L ஊசியின் நீளம். நுனியின் வட்டப் பரப்பையும் சேர்க்க அதில் விட்டத்தின் காற்பங்கைக் கூட்டிக்கொள்வது வழக்கம். நம் ஊசிக்கு η 0.70 வருகிறது. ஆகவே ஓர் ஊசி கழிப்பது 0.97 அல்ல, 0.68 வாட்.

65ஐ 0.68 ஆல் வகுத்தால் 96. நாம் ஊகித்த இடைவெளியில் 80 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் பத்தும் ஒன்பதுமாக மாறி மாறிப் பத்து வரிசை நடலாம், மொத்தம் 95 ஊசி. ஒன்று குறைகிறது. ஊசிகளுக்கு இடையே தெரியும் அடித்தளமும் காற்றுக்குச் சில வாட் தருவதால் அந்தக் குறையை அது தாராளமாக நிரப்பிவிடும். ஊகமும் விடையும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, சுற்று மூடிவிட்டது. தொடாதிருந்தால் இடைவெளியை மாற்றி, வேகத்தை மாற்றி, மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். கையால் செய்தாலும் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் போவதில்லை.

ஊசியை நீட்டினால் எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு அந்த η ஒரு தடை போடுகிறது. 40 மில்லிமீட்டரை 80 ஆக்கினால், அதே காற்று வேகத்தில், செயல்திறன் 0.70இலிருந்து 0.42 ஆக இறங்குகிறது. ஊசி கழிக்கும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு கூடக் கூடுவதில்லை. அலுமினியமோ இரட்டிப்பு.

கணக்கின் கடைசிப் படி விசிறி. இதைச் செய்யாமல் விட்டால் முன் செய்தது எல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும். பத்து வரிசை ஊசிகளின் ஊடாகக் காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். ஒவ்வொரு வரிசையும் காற்றின் இயக்க அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியை விழுங்கும் என்று வைத்தால், 3.2 மீட்டர் வேகத்தில் மொத்தம் சுமார் 26 பாஸ்கல். விசிறியின் அட்டவணையில் இரண்டு எண்கள் பெரிதாக அச்சிட்டிருக்கும்: தடையே இல்லாதபோது தள்ளும் காற்று, வாயிலை முற்றாக மூடியபோது தரும் அழுத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. நமக்கு வேண்டியது 26 பாஸ்கல் தடைக்கு எதிராக 6.4 லீற்றர் தரும் விசிறி. அதை அட்டவணையிலுள்ள வளைகோட்டில்தான் தேட வேண்டும். 80 மில்லிமீட்டர் விசிறிகளில் வேகமாகச் சுழல்பவை இதைத் தரும், அமைதியாக ஓடுபவை தரா.

இப்போது எல்லயின் பங்கைப் பிரித்துப் பார்க்கலாம். விசிறி ஒரே வேகத்தில் சுழன்றால் எல்லயிலும் கொழும்பிலும் ஏறக்குறைய ஒரே கன அளவு காற்றைத்தான் தள்ளும். காற்று இலேசானால் விசிறி தரும் அழுத்தமும் குறைகிறது, ஊசிகளின் தடையும் அதே விகிதத்தில் குறைகிறது. லீற்றர் மாறுவதில்லை, கிராம்தான் மாறுகிறது. அதே ஹீட் சிங்கைக் கொழும்பில் வைத்தால் 6.4 லீற்றரின் எடை 7.3 கிராம். காற்று 10 பாகைக்குப் பதில் 9 பாகைக்கும் குறைவாகவே சூடாகும். ரெனால்ட்ஸ் எண்ணும் கூடி, h 135 ஆகிறது. கணக்கை முடித்தால் கொழும்புக்கு 89 ஊசி போதும். மலையேறியதற்கான விலை ஆறேழு ஊசி.

இந்த விலையைக் கேட்டு மலையகத்துக்கு அனுதாபப்பட வேண்டியதில்லை. மேலே இரண்டு ஊரிலும் காற்று 35 பாகையில் நுழைவதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் கொழும்பில் 32 பாகை காயும் பகலில் எல்லயில் 26 பாகைதான் இருக்கும். பெட்டிக்குள்ளும் அந்த ஆறு பாகை வித்தியாசம் தொடர்ந்தால் எல்லயில் ஊசிகளுக்குக் கிடைப்பது 20 அல்ல, 26 பாகை. கொழும்பின் 89க்கு எதிராக எல்லயில் 73 ஊசி போதும். இலேசான காற்று எடுத்துக்கொண்டதைக் குளிர்ந்த காற்று இரண்டு மடங்குக்கும் மேலாகத் திருப்பித் தருகிறது. கச்சான் அடிக்கும் மாதங்களின் வறண்ட காற்றுக்கும் மழைக்காலத்தின் ஈரக் காற்றுக்கும் இந்தக் கணக்கில் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. ஊவாத் தேயிலையின் வாசனையை அந்தக் கச்சான் மாற்றும், ஊசியின் எண்ணிக்கையை மாற்றாது.

ஆனால் ஸ்டோருக்குள் இருப்பது மலைக்காற்று அல்ல. தேயிலையை உலர்த்தும் டிரையருக்குள் 90 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் காற்று பாய்கிறது. அதன் அருகில் ஒரு பெட்டியை வைத்தால் நுழையும் காற்று 40 பாகையாக இருப்பதில் வியப்பில்லை. அப்போது ஊசிகளுக்கு மிஞ்சுவது 15 பாகைதான். அதே இடைவெளியில், அதே வேகத்தில் 127 ஊசி வேண்டும். 80 மில்லிமீட்டர் சதுரத்தில் அத்தனைக்கு இடமில்லை.

இடைவெளியை 8இலிருந்து 6 மில்லிமீட்டராக நெருக்கி 163 ஊசி நடலாம். வரிசைகள் பதின்மூன்றாகி, வழியும் குறுகுவதால், அதே விசிறி இப்போது வினாடிக்கு 1.3 மீட்டர் அளவே ஊதும் என்று வைப்போம். ஊசி ஏறக்குறைய முக்கால் பங்கு கூடினாலும், காற்று குறைந்ததால் அது இன்னும் அதிகம் சூடாகிறது, ஒவ்வோர் ஊசியின் பங்கும் இறங்குகிறது. எல்லாம் சேர்ந்து 65 வாட்டை மயிரிழையில் எட்டிப்பிடிக்கும். காகிதத்தில் இது தேறிவிட்டது. தூள் பிரிக்கும் அறையில் தேறாது. அந்த அறையின் காற்றில் தேயிலைத் துகளும் பஞ்சு போன்ற நுண்ணிய நாரும் எப்போதும் மிதக்கின்றன. ஊசிகளுக்கு இடையே மிஞ்சியிருப்பது 3 மில்லிமீட்டர். முதல் இரண்டு வரிசையிலேயே நார் சிக்கி, அதன் மேல் துகள் படிந்து, ஒரு மெத்தை உருவாகிறது. உலர்ந்த தேயிலை ஈரத்தை வேகமாக உறிஞ்சும். இயந்திரம் நின்ற இரவில் மூடுபனியின் ஈரம் ஏறினால் அந்த மெத்தை இறுகிப்போகும். பிறகு காற்றை ஊதித் துப்புரவாக்குவதும் கடினம்.

அடைத்துக்கொண்டதா இல்லையா என்பதைத் திறந்து பார்க்காமலே அறிய ஒரு வழி உண்டு. அதற்கு ஒரு சிறிய வெப்பமானி போதும். சிப் முழு வேலையில் இருக்கும்போது நுழையும் காற்றையும் வெளியேறும் காற்றையும் அளக்க வேண்டும். நம் வடிவத்தில் வித்தியாசம் 10 பாகை. அது 20 ஆகிவிட்டால் காற்று பாதியாகிவிட்டது என்று பொருள். விசிறி தேய்ந்திருக்க வேண்டும் அல்லது ஊசிகள் அடைபட்டிருக்க வேண்டும். வித்தியாசம் 10இலேயே நிற்க, அடித்தளமும் 60ஐத் தாண்டாமல் இருக்க, சிப் மட்டும் கொதித்தால் குற்றம் ஊசியில் இல்லை, பசையில். பசை காய்ந்திருக்கும் அல்லது திருகு தளர்ந்திருக்கும். அங்கே எத்தனை ஊசி கூட்டினாலும் பயன் இல்லை. மூன்றாவது ஒன்றும் நடக்கும்: ஊசிகளின் தலைக்கு மேலே இடைவெளி இருந்தால், தடை குறைந்த அந்த வழியைக் காற்று தேர்ந்தெடுத்துவிடும். வெளியேறும் காற்றை ஊசிகளுக்கு நேர் பின்னாலும், அவற்றின் தலைக்கு மேலும் தனித்தனியே அளந்தால், பின்னால் சூடாகவும் மேலே குளிராகவும் இருக்கும். ஒரு மெல்லிய தகட்டால் ஊசிகளுக்குக் கூரை போட்டால் போதும்.

இந்த வகைக் கணக்கின் துல்லியத்தையும் சொல்லிவிட வேண்டும். குழாய்க் கூட்டங்களில் அளந்து பெற்ற உறவுகளைக் குட்டையான ஊசிகளுக்குப் பயன்படுத்தும்போது விடை 20 சதவீதம் அங்குமிங்கும் போகலாம். 95 என்ற எண்ணைக் கடைசி இலக்கம் வரை நம்பக் கூடாது. அதை ஒரு தொடக்கமாக எடுத்து, ஒன்றைச் செய்து, 65 வாட் ஹீட்டரை அடியில் ஒட்டி, வெப்பநிலையை அளந்துதான் உறுதி செய்ய வேண்டும். ஆகவே கணக்கிலேயே ஐந்தில் ஒரு பங்கு உபரி இருப்பது நல்லது.

அந்த உபரியை எங்கிருந்து எடுப்பது? ஊவாவில் இதற்கு விடை கட்டடத்தின் சுவருக்கு வெளியே இருக்கிறது. டிரையர் அருகிலுள்ள பெட்டிக்கு ஒரு குழாய் வழியாக வெளிக்காற்றை, ஒரு வடிகட்டி வைத்து, கொண்டுவந்தால், நுழையும் காற்றை 30 பாகையில் வைத்திருக்கலாம். அப்போது ஊசிகளுக்கு 25 பாகை கிடைக்கிறது, 76 ஊசி போதும். 8 மில்லிமீட்டர் இடைவெளியில் நட்ட 95 ஊசி அங்கே கால் பங்கு உபரியோடு வேலை செய்யும், நார் சிக்கவும் எளிதில் இடம் தராது. குழாயும் வடிகட்டியும் சேர்க்கும் தடையை விசிறியின் வளைகோட்டில் மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஸ்டோரில், அல்லது எங்கேயும், ஓர் இயந்திரம் சூட்டினால் அடிக்கடி நின்றால், பெரிய ஹீட் சிங்க் வாங்கப் புறப்படும் முன் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். அது 35ஐத் தாண்டியிருந்தால் முதலில் காற்றை மாற்றுங்கள், ஊசிகளைப் பிறகு எண்ணலாம்.